ஞாயிறுக்குப் பின் ஏன் திங்கள்?

தினசரி காலண்டரின் பின்பக்கத்தில் கிரக ஓரை அட்டவணை ஒன்று அச்சாகியிருக்கும். நல்ல ஓரை பார்ப்பவர்கள்தான் அதைத் தேடிப் படிப்பார்கள். நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமைக்கான வரிசையை ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன். காலை 6 மணிக்குச் சூரியன், 7 மணிக்குச் சுக்கிரன், 8 மணிக்குப் புதன், 9 மணிக்குச் சந்திரன், பிறகு சனி, குரு, செவ்வாய், மறுபடியும் சூரியன். கிழமைகளுக்கும் இதே ஏழு பேர்தான். ஆனால் கிழமைகளின் வரிசை வேறு, இந்த வரிசை வேறு. ஏன் என்று அப்போது விளங்கவில்லை. கிழமைகள் பிறந்த கதையே அந்த அட்டவணைக்குள் இருக்கிறது என்பது வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது.

ஓரை வரிசையின் அடிப்படை வேகம். சனிப் பெயர்ச்சி இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. குருப் பெயர்ச்சி ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறை. செவ்வாய் ஒரு ராசியைக் கடக்க ஒன்றரை மாதம் போல ஆகிறது, சூரியனுக்கு ஒரு மாதம், சந்திரனுக்கு இரண்டேகால் நாள். வெள்ளியும் புதனும் சூரியனை விட்டு அதிகம் விலகுவதில்லை. அவற்றுள் புதனின் ஓட்டம் இன்னும் வேகமானது. மெதுவாக நகர்வது தொலைவில் இருக்கிறது, வேகமாக நகர்வது அருகில் இருக்கிறது என்று கிரேக்க வானியலார் எண்ணினார்கள். அதனால் மேலிருந்து கீழாக சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள் என்று அடுக்கினார்கள்.

ஒரு நாளை 24 பாகமாகப் பிரிக்கும் வழக்கம் எகிப்தில் தோன்றியது. இந்த 24 மணிகளையும் ஏழு கோள்களுக்கு வரிசையாகப் பங்கிட்டபோது கணக்கு மிச்சமில்லாமல் முடியவில்லை. மூன்று சுற்றுக்கு 21 மணி போக, 3 மணி எஞ்சுகிறது. சனிக்கிழமையின் முதல் மணியைச் சனிக்குக் கொடுங்கள். 8, 15, 22ஆம் மணிகளும் சனிக்கே வரும். 23ஆவது வியாழனுக்கு, 24ஆவது செவ்வாய்க்கு. மறுநாள் விடியும்போது முறை ஞாயிற்றுடையது. இதே போல ஞாயிற்றுக்கிழமையை ஓட்டிப் பார்த்தால், 22ஆவது மணி ஞாயிறு, 23 வெள்ளி, 24 புதன், அடுத்த விடியல் திங்கள். முதல் மணி யாருடையதோ, நாள் முழுவதும் அவருடையது. நாளுக்கு நாள் வரிசையில் இருவரைத் தாண்டி மூன்றாமவரிடம் போவதால் கிழமைகள் நாம் அறிந்த வரிசையில் அமைந்தன.

ரோம வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ 3ஆம் நூற்றாண்டில் இந்தக் கணக்கை எழுதி வைத்திருக்கிறார். அதற்கும் முன்பே, கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேய் நகரத்துச் சுவர் ஒன்றில், சனியில் தொடங்கும் கிழமைப் பட்டியல் கிறுக்கப்பட்டிருந்தது. ஏழு நாளுக்கு ஒருமுறை ஓய்வுநாள் கொள்ளும் யூதர்களின் வாரம் இதனினும் பழையது. ஆனால் அதில் நாள்களுக்கு எண்கள்தான், கோள்கள் இல்லை. இரண்டும் ஏழாக இருந்ததால் ஒன்றன் மேல் ஒன்று பொருந்திக்கொண்டன.

இந்தியாவுக்கு இந்தக் கணக்கு கிரேக்கச் சோதிடத்தோடு வந்தது. 'ஹோரா' என்ற சொல்லே மணியைக் குறிக்கும் கிரேக்கச் சொல். 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர், 'அஹோராத்ர' என்பதன் முதலெழுத்தும் கடையெழுத்தும் உதிர்ந்து 'ஹோரா' ஆனது என்ற விளக்கத்தைப் பதிவு செய்தார். வந்த சொல் அதற்குள் அவ்வளவு தூரம் சொந்தமாகிவிட்டது. அதுவே நம் காலண்டரில் ஓரை. நாட்டில் கிழமையோடு தேதி குறித்த மிகப் பழைய கல்வெட்டாக அறியப்படுவது, மத்தியப் பிரதேசத்து ஏரணில் கி.பி. 484இல் நட்ட தூணில் இருக்கிறது. வியாழக்கிழமையைத் தேவர்களின் குருவுடைய நாள் என்று அது சொல்கிறது.

தமிழ் இதை வாங்கிக்கொண்ட விதத்தைக் 'கிழமை' என்ற சொல்லே காட்டிவிடும். கிழமை என்றால் உரிமை, உடைமை. கிழவன், கிழத்தி என்றால் உரியவர். இலக்கணத்தில் ஆறாம் வேற்றுமையின் பொருளும் கிழமைதான்: தன்னிலிருந்து பிரியாதது தற்கிழமை, பிரியக்கூடியது பிறிதின்கிழமை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை என்றால் ஞாயிற்றுக்கு உரிய நாள். முதல் மணிக்கு உடையவன் நாளுக்கும் உடையவன் என்ற ஓரைக் கணக்கின் சாரத்தை இந்த ஒரு சொல் ஏந்தியிருக்கிறது. சூரியவாரம் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், பொருளை உணர்ந்து தன் சொல்லை இட்ட யாரோ ஒருவரின் வேலை இது.

கோள்களின் பெயரிலும் அதே வழிதான். ஞாயிறு, திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி ஐந்தும் தமிழ்ப் பெயர்கள். வெள்ளி தெற்கே சாய்ந்தால் மழை பொய்க்கும் என்று சங்கப் புலவர்களே பாடியிருக்கிறார்கள். புதனும் சனியும் மட்டும் வடமொழிப் பெயரோடு வந்து தங்கிவிட்டன. தமிழில் பெயர் இல்லாமல் இல்லை. புதனுக்கு அறிவன் என்றும் சனிக்குக் காரி என்றும் பெயர் உண்டு. புறநானூற்றில் கபிலர் சனியை மைம்மீன் என்கிறார். இருந்தும் கிழமையில் அவை நிலைக்கவில்லை.

ஆங்கிலத்திலும் இதே காட்சி. ரோமர்களின் செவ்வாய்க்கு ஈடாகத் தங்கள் தியூ, புதனுக்கு வோடன், வியாழனுக்கு இடி முழக்கும் தோர், வெள்ளிக்கு ஃபிரிக் என்று ஜெர்மானிய மக்கள் தங்கள் தெய்வங்களைப் பொருத்தினார்கள். டியூஸ்டே முதல் ஃபிரைடே வரை நிற்பவர்கள் அவர்களே. சனிக்கு இணையானவர் அகப்படவில்லை போலும், சாட்டர்ன் அப்படியே சாட்டர்டே ஆனார்.

கிழக்கே இந்தப் பெயர்கள் புத்தத் துறவிகளோடு பயணம் போயின. இலங்கைக்கு வந்து நூல்கள் திரட்டிச் சென்ற அமோகவஜ்ரர், 8ஆம் நூற்றாண்டில் சீனத்தில் நட்சத்திரமும் கோளும் பற்றிய நூலொன்றை மொழிபெயர்த்தார். கூக்காய் என்ற துறவி 806இல் அதை ஜப்பானுக்குக் கொண்டுபோனார். இன்றும் ஜப்பானியர் செவ்வாயைத் தீயின் நாள், புதனை நீரின் நாள், வியாழனை மரத்தின் நாள், வெள்ளியைப் பொன்னின் நாள், சனியை மண்ணின் நாள் என்கிறார்கள். அவை அந்தக் கோள்களுக்குச் சீனர் இட்ட பெயர்கள். சொல் மாறினாலும் கோளும் வரிசையும் மாறவே இல்லை.

மாதப் பெயர்களில் தமிழ் வேறு விதமாக நடந்துகொண்டது. இங்கே பொருளை மொழிபெயர்க்காமல் ஒலியைத் தேய்த்து எடுத்துக்கொண்டது. வடமொழி மாதங்களுக்கு, முழுநிலவு எந்த நட்சத்திரத்தை ஒட்டி நிற்கிறதோ அதன் பெயர்: சித்ரா என்ற சித்திரையை ஒட்டினால் சைத்ரம், விசாகத்தை ஒட்டினால் வைசாகம். அவை நம் நாவில் சித்திரை, வைகாசி ஆயின. தமிழ் மாதமோ சூரியன் ராசி மாறுவதைக் கொண்டு கணக்கிடுவது. சந்திரனின் பெயரைச் சூரியனின் மாதம் சூடிக்கொண்டதால், பௌர்ணமியும் நட்சத்திரமும் ஆண்டுதோறும் ஒரே நாளில் கூடுவதில்லை. நட்சத்திரம் 27, மாதம் 12 என்பதால் சிறிது நழுவவும் செய்யும். மிருகசீரிடத்தில் பெயர் பெற்ற மார்கழிக்கு விழா, அடுத்த நட்சத்திரமான திருவாதிரையில்.

ஆனாலும் நம் திருவிழாக்கள் மூலத்தை மறக்கவில்லை. மகத்திலிருந்து மாகம், அதிலிருந்து மாசி. அதனால் மாசி மகம். உத்திரத்தின் வடமொழிப் பெயர் உத்தர பல்குனி. அதனால் பங்குனி உத்திரம். பூசத்தின் பழைய பெயர் திஷ்யம். அதில் முழுநிலவு நிற்கும் மாதம் தைஷம், நம் வாயில் தை. ஆகவே தைப்பூசம் என்னும்போது ஒரே நட்சத்திரத்தை இரண்டு முறை சொல்கிறோம், ஒருமுறை மறந்துபோன பெயரால், ஒருமுறை நினைவிலிருக்கும் பெயரால்.