இரண்டு விடை வந்தால் ஒன்றை ஏன் வெட்டுகிறோம்?



உயர்தரத்தில் கணிதம் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளை நினைத்து இதை எழுதுகிறோம். மற்றவர்களும் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு வாசித்தால் விளங்கும்.

வர்க்கமூலம் உள்ள சமன்பாடு ஒன்றைக் கொடுத்தால் பிள்ளைகள் செய்வது ஒரே வேலைதான். மூலத்தை ஒரு பக்கத்தில் தனியே வைத்து, இரு பக்கங்களையும் வர்க்கிப்பார்கள். மூலக்குறி போய்விடும். இருபடிச் சமன்பாடு ஒன்று வரும். அதைத் தீர்த்தால் இரண்டு விடைகள் கிடைக்கும். அதில் ஒன்றை நாங்கள் சிவப்புப் பேனாவால் வெட்டிவிடுவோம்.

"ஏன் சேர் வெட்டினீங்க? செய்கை எல்லாம் சரிதானே?" என்று பிள்ளை கேட்கும். "பிரதியிட்டுப் பார், பொருந்தாது" என்போம். அது சரியான பதில், ஆனால் பாதிப் பதில். பிழையில்லாத செய்கைக்குள் பொய் விடை எப்படி வந்தது என்பதை நாங்கள் சொல்வதில்லை. அதனால் பிள்ளைகள் தாங்களே சட்டம் போட்டுக்கொள்கிறார்கள். பின்னமாக வந்தால் வெட்டு, மறை எண்ணாக வந்தால் வெட்டு என்று பழகிவிடுகிறார்கள். அந்தச் சட்டம் எங்கே காலை வாரிவிடும் என்பதைக் கடைசியில் பார்ப்போம். முதலில் கொஞ்சம் பின்னோக்கிப் போவோம்.

கலீபா அல்-மஃமூன் ஆண்ட காலம் கி.பி. 813 முதல் 833 வரை. அந்தக் காலத்தில் அல்-குவாரிஸ்மி எழுதிய 'அல்ஜப்ர் வல்முகாபலா' என்ற கணித நூலின் பெயரிலிருந்துதான் அல்ஜீப்ரா என்ற சொல் வந்தது. அந்த நூலில் x இல்லை, சமக்குறி இல்லை, மூலக்குறியும் இல்லை. எல்லாமே வசனமாகவே இருக்கும். தெரியாத தொகைக்கு அவர் 'ஷைஉ', அதாவது 'பொருள்' என்பார். பல கணக்குகளில் கேட்கப்படும் தொகைக்கு 'மால்' என்று பெயர். நமக்குத் தெரிந்த அதே சொல்தான், செல்வம் என்று அர்த்தம்.

அந்த நூலில் உள்ள ஒரு கணக்கை நம் பாணியில் சொல்கிறோம். ஒருவரிடம் ஒரு தொகை இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கையும், அதோடு மூன்று திர்ஹமையும் கழிக்கிறோம். மிஞ்சியதை அதே எண்ணால் பெருக்கினால் பழைய தொகை திரும்ப வருகிறது. அப்படியானால் அந்தத் தொகை எவ்வளவு?

தொகையை x என்று வைப்போம். மூன்றில் ஒன்று போனால் மூன்றில் இரண்டு இருக்கும். அதில் மூன்று திர்ஹம் குறைய வேண்டும். அந்த மிச்சம்தான் தொகையின் வர்க்கமூலம் என்று அல்-குவாரிஸ்மி சொல்கிறார். இன்றைய எழுத்தில் இப்படி வரும்:

√x = (2/3)x − 3

இனி வர்க்கிக்க வேண்டும். வலப்பக்கத்தை அதனாலேயே பெருக்கும்போது அவர் ஒவ்வொரு துண்டாகச் சொல்லிப் போகிறார். மூன்றில் இரண்டை மூன்றில் இரண்டால் பெருக்கினால் ஒன்பதில் நான்கு. மூன்றில் இரண்டையும் குறைகிற மூன்றையும் பெருக்குவது இரண்டு தடவை வரும், ஒவ்வொரு தடவையும் 2x குறையும். குறைகிற மூன்றைக் குறைகிற மூன்றால் பெருக்கினால் ஒன்பது, அது கூடும். ஆகவே:

(4/9)x² − 4x + 9 = x

இந்த இடத்தில் அந்த நூலின் பெயரே வேலை செய்கிறது. ஒரு பக்கத்தில் 4x குறைந்து நிற்கிறது. அந்தக் குறையை நிரப்ப இரு பக்கத்திலும் 4x கூட்டுகிறார். குறையை நிரப்பிச் சீராக்கும் இந்த வேலைதான் 'ஜப்ர்'. முறிந்த எலும்பைப் பொருத்துவதற்கும் அரபியில் இதே சொல்தான். இப்போது (4/9)x² + 9 = 5x. எல்லாவற்றையும் 2¼ ஆல் பெருக்கினால்:

x² + 20¼ = 11¼x

இதற்குப் பிறகு, தான் முன்னரே கற்பித்த முறைப்படி முடித்துக்கொள்ளும்படி சொல்லிவிடுகிறார். அந்த முறையை நாம் செய்து பார்ப்போம். 11¼ இன் பாதி 5⅝. அதன் வர்க்கத்திலிருந்து 20¼ ஐக் கழித்து மூலம் எடுத்தால் 3⅜ வரும். கூட்டினால் 5⅝ + 3⅜ = 9. கழித்தால் 5⅝ − 3⅜ = 2¼. விடைகள் இரண்டு.

9 ஐப் போட்டுப் பாருங்கள். மூன்றில் ஒன்று 3 போனால் 6, இன்னும் மூன்று திர்ஹம் போனால் 3. மூன்றை மூன்றால் பெருக்கினால் 9. சரியாக வருகிறது.

2¼ ஐப் போடுங்கள். மூன்றில் ஒன்று ¾ போனால் கையில் 1½ திர்ஹம். அதிலிருந்து மூன்று திர்ஹம் எடுக்க வேண்டும். எப்படி எடுப்பது? எழுத்தில் எடுத்தால் −1½ வரும். ஆனால் 2¼ இன் வர்க்கமூலம் 1½, −1½ அல்ல. இடப்பக்கம் 1½, வலப்பக்கம் −1½. சமன்பாடு பொருந்தவில்லை. ஆனால் இரண்டையும் வர்க்கித்தால் ஒரே 2¼ தான் வரும். அதனால்தான் வர்க்கித்த பிறகு இந்த விடை பொருந்துவது போலத் தெரிகிறது.

பொய் விடை உள்ளே வந்த வாசல் இதுதான். குறைகிற மூன்றைக் குறைகிற மூன்றால் பெருக்கி ஒன்பது என்று எழுதிய அந்த வரியில், எது எதிலிருந்து குறைந்தது என்ற தகவல் அழிந்துபோகிறது. (2/3)x இலிருந்து 3 ஐக் கழித்தாலும், 3 இலிருந்து (2/3)x ஐக் கழித்தாலும் வர்க்கம் ஒன்றுதான். ஆகவே நாம் ஒரு கேள்வியைக் கேட்டோம், வர்க்கித்த சமன்பாடு இரண்டு கேள்விகளுக்குப் பதில் தருகிறது. 9 நம் கேள்வியின் விடை. 2¼ என்பது √x = 3 − (2/3)x என்ற வேறொரு கேள்வியின் விடை. செய்கையில் பிழை இல்லை. நாம் கேட்காததற்கும் சேர்த்து அது பதில் சொல்கிறது.

இந்த வகைச் சமன்பாட்டுக்கு அல்-குவாரிஸ்மி கொடுத்த அறிவுரையும் கவனிக்கத்தக்கது. முதலில் கூட்டி வரும் விடையைச் சோதிக்க வேண்டும், அது உதவாவிட்டால் கழித்து வருவது உதவும் என்கிறார். அதாவது சோதிப்பது கணக்கு முடிந்த பிறகு செய்யும் மரியாதை வேலை அல்ல. அவரிடம் அது முறையின் ஒரு படி.

இதே விஷயம் இந்தியாவில் 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கரரின் 'பீஜகணிதம்' நூலில் இன்னும் வெளிப்படையாக வருகிறது. அவர் குரங்குக் கூட்டத்தைப் பற்றி இரண்டு கணக்குகள் தருகிறார்.

முதலாவதில், கூட்டத்தின் எட்டில் ஒரு பங்கின் வர்க்கம் காட்டில் விளையாடுகிறது, மீதி 12 குரங்குகள் குன்றில் நிற்கின்றன. தீர்த்தால் 48, 16 என்று இரண்டு விடைகள். 48 இன் எட்டில் ஒன்று 6, வர்க்கம் 36, அதோடு 12 சேர்ந்தால் 48. 16 இன் எட்டில் ஒன்று 2, வர்க்கம் 4, அதோடு 12 சேர்ந்தால் 16. இரண்டும் பொருந்துகின்றன. அவர் இரண்டையும் ஏற்றுக்கொள்கிறார்.

இரண்டாவதில், கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றைக் குறைத்து, அதன் வர்க்கம் குகைக்குள் போய்விட்டது. ஒரே ஒரு குரங்கு மரக்கிளையில் தெரிகிறது. இதற்கு 50, 5 என்று விடைகள் வரும். 50 இன் ஐந்தில் ஒன்று 10, மூன்று குறைந்தால் 7, வர்க்கம் 49, கிளையில் உள்ளதோடு 50. 5 இன் ஐந்தில் ஒன்று 1, மூன்று குறைந்தால் −2, வர்க்கம் 4, கிளையில் உள்ளதோடு 5. எண்கள் சரியாகத்தான் வருகின்றன. ஆனாலும் பாஸ்கரர் 5 ஐ விட்டுவிடுகிறார். ஒரு அளவு மறையாக வருவதை மக்கள் ஏற்பதில்லை என்று காரணமும் சொல்கிறார்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அவர் விட்ட விடை 5. அது நேர் எண், முழு எண், குரங்குகளை எண்ணவும் பொருத்தமான எண். அவர் விடையின் முகத்தைப் பார்த்து வெட்டவில்லை. வர்க்கிப்பதற்கு முன் இருந்த தொகையில், 'ஐந்தில் ஒன்றில் மூன்று குறைய' என்ற இடத்தில், அதைப் போட்டுப் பார்த்து வெட்டினார். மூலக்குறியில் எழுதினால் √(x−1) = x/5 − 3. சோதிக்க வேண்டிய இடம் இந்த வலப்பக்கம்தான். முதல் கணக்கு √(x−12) = x/8. அங்கே வலப்பக்கம் இரண்டு விடைக்கும் நேராக இருந்ததால் இரண்டும் தங்கின.

இனி நம் பிள்ளைகள் போட்டுக்கொண்ட சட்டத்துக்கு வருவோம். இந்தக் கணக்கைப் பாருங்கள்:

√(3 − 2x) = −x

வர்க்கித்தால் 3 − 2x = x², அதாவது x² + 2x − 3 = 0. காரணிப்படுத்தினால் (x + 3)(x − 1) = 0. விடைகள் −3, 1. 'மறை எண்ணை வெட்டு' என்று பழகிய பிள்ளை −3 ஐ வெட்டிவிட்டு 1 என்று எழுதும். ஆனால் x = 1 என்றால் இடப்பக்கம் √1 = 1, வலப்பக்கம் −1. பொருந்தாது. x = −3 என்றால் இடப்பக்கம் √9 = 3, வலப்பக்கம் −(−3) = 3. பொருந்துகிறது. உண்மையான விடையை வெட்டி, பொய் விடையை வைத்துக்கொண்டது அந்தப் பிள்ளை. அல்-குவாரிஸ்மியின் கணக்கில் பின்னத்தை வெட்டி 9 ஐ எழுதிய பிள்ளைக்கும் விடை தற்செயலாகத்தான் சரியாக வந்தது.

ஆகவே வீட்டில் பிள்ளையின் கொப்பியைப் பார்க்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: "வர்க்கிக்கிறதுக்கு முதல் இருந்த வரியில இதைப் போட்டுப் பார்த்தியா?" இருபடிச் சமன்பாட்டில் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. அங்கே இரண்டும் பொருந்தத்தான் செய்யும்.

போட்டுப் பார்த்தால் இன்னொரு பயனும் உண்டு. மூலத்தைத் தனியே வைத்து ஒரு தடவை வர்க்கித்த கணக்கில், பொய் விடை தன் அடையாளத்தைக் காட்டிவிடும். இரு பக்கமும் அளவில் ஒன்றாக, குறியில் மட்டும் எதிராக வரும். 1½ உம் −1½ உம், 1 உம் −1 உம் போல. அப்படி வந்தால் செய்கை சரி, விடையை மட்டும் வெட்டலாம். ஒரு பக்கம் 3, மறுபக்கம் −5 என்று அளவே வேறாக வந்தால் அது பொய் விடை அல்ல, எங்கோ கூட்டல் கழித்தலில் விட்ட பிழை. வெட்டாமல் திரும்பிப் போய்த் தேட வேண்டும்.

சில நேரம் இரண்டு விடையுமே குறி மாறி வரும். அப்போது அந்தச் சமன்பாட்டுக்குத் தீர்வே இல்லை. அதையும் பிள்ளை தயங்காமல் எழுதலாம். வெட்டிய ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் ஏன் வெட்டினோம் என்று ஒரு வரி எழுதச் சொல்லி நாங்கள் இப்போது வகுப்பில் கேட்கிறோம். அந்த ஒரு வரி இல்லாத வெட்டை நாங்கள் ஏற்பதில்லை, விடை சரியாக இருந்தாலும்.