நிகரச் சம்பளத்தின் உண்மைக் கணக்கு

மாதச் சம்பளக்காரரின் சம்பளச் சீட்டில் இருவகைத் தவணைகள் அருகருகே இடம்பெறுவதுண்டு. ஒன்று, பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தின் கடன் தவணை. மற்றொன்று, பணியாளரின் ஒப்புதல் கடிதத்தின் பேரில் பிடிக்கப்படும் ஏலச் சீட்டுத் தவணை. இவ்விரண்டும் எதிரெதிர்த் திசையில் நகர்பவை என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து ரூ.40,000 பெறும் ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதமாக ரூ.4,800 போகிறது. சங்கத்தில் அவர் பெற்ற கடன் ரூ.2,40,000, 60 தவணைகள், வட்டி 10 சதவீதம். அசல் மாதந்தோறும் ரூ.4,000, சிக்கன சேமிப்பு ரூ.500. நிலுவைக்கே வட்டி என்பதால் பிடித்தம் மெல்லக் குறையும்: இரண்டாம் மாதம் ரூ.6,467, பதினெட்டாம் மாதம் ரூ.5,933.

சீட்டு அப்படியன்று. அவர் சேர்ந்தது 20 பேர், 20 மாதங்கள், ரூ.2 லட்சம் சீட்டு. முழுத் தவணை ரூ.10,000. பணத்தேவை மிகுந்தோர் முதலில் ஏலம் கேட்பதால் தொடக்கத்தில் தள்ளுத்தொகை அதிகம். முதல் ஏலத்தில் ரூ.60,000 தள்ளு எனில், நடத்துநர் தரகு ரூ.10,000 போக எஞ்சியது ஆளுக்கு ரூ.2,500, எனவே அடுத்த தவணை ரூ.7,500. இறுதியில் போட்டி குறைந்து, தள்ளு ரூ.20,000 ஆகும்போது பங்கு ரூ.500தான், தவணை ரூ.9,500.

இரண்டாம் மாதம் கையில் ரூ.21,233 வந்தது. பதினெட்டாம் மாதம் வருவது ரூ.19,767. கடன் தவணை குறைந்தும் நிகரச் சம்பளம் சரிந்து, பாதிக்கும் கீழே போய்விட்டது.

சங்கத் தவணையும் சேரும்போது, மொத்தப் பிடித்தம் ஊதியத்தில் முக்கால் பங்கு வரை போக 1936ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டம் இடமளித்தது. 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு அதைப் பாதியாக்கியது. ஆனால், அனுமதிக்கப்பட்ட பிடித்தங்களின் பட்டியலில் தனியார் சீட்டு இல்லை. அதை ஒதுக்கிக் கணக்கிட்டால் இவருடைய பிடித்தம் 27 சதவீதம்தான். வரம்புக்குள் இருப்பதாகவே தோன்றும். வீட்டுக்கோ பாதிக்கும் குறைவாகவே வருகிறது.

நெருக்கடி முற்றும்போது பலர் சங்கக் கடனைப் புதுப்பிக்கிறார்கள். நிலுவை ரூ.1,72,000 கழிக்கப்பட்டு ரூ.68,000 கைக்கு வரும். 60 தவணைகள் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

ஆகவே, சீட்டில் சேருமுன் முழுத் தவணையான ரூ.10,000ஐயும் கடனின் முதல் தவணையான ரூ.6,500ஐயும் கழித்துப் பார்க்க வேண்டும். இவருக்கு எஞ்சுவது ரூ.18,700. வாடகையும் பள்ளிக் கட்டணமும் மளிகையும் அதற்குள் அடங்காவிட்டால், அந்தச் சீட்டு அவருக்குச் சேமிப்பாகாது. அடுத்த கடனுக்கே வழிகோலும்.