ஒரு வாக்கியத்தின் வரலாறு: பணிநீக்க வழக்கும் பின் ஊதியமும்

பணிநீக்கம் செய்யப்பட்ட தொழிலாளி தொழிலாளர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் கோரிக்கை மனு, பெரும்பாலும் ஒரே வேண்டுகோளில் முடியும்: பணித் தொடர்ச்சியுடனும் முழுப் பின் ஊதியத்துடனும் இதர பலன்களுடனும் மீண்டும் பணி வழங்க வேண்டும். அதற்குச் சற்று முன்னால், 'பணிநீக்கத்துக்குப் பின் மனுதாரர் வேறெங்கும் ஆதாயமான வேலையில் இல்லை' என்ற வாக்கியம் இருக்கும். பலரும் பழைய மனுவைப் பார்த்துப் படியெடுக்கும் வரி அது. ஆனால் அந்த வரியின் எடை காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது.

வேலைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்ட ஆளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி முதலாளியைக் கட்டாயப்படுத்த முடியுமா என்பதே முதல் கேள்வி. ஒப்பந்தச் சட்டம் இழப்பீட்டோடு நின்றுவிடும். தொழில் தகராறுச் சட்டம் 1947இல் வந்தது. மீண்டும் பணி வழங்க ஆணையிடும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு என்று, மேற்கு இந்திய ஆட்டோமொபைல் சங்க வழக்கில் 1949இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. அப்போதும் தனியாளின் வேலைநீக்கம் 'தொழில் தகராறு' ஆகவில்லை. சங்கமோ சக தொழிலாளர்களோ அதைத் தம் பிரச்சினையாக எடுத்தால்தான் வழக்கு நிற்கும். 1965 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த 2ஏ பிரிவு அந்தத் தடையை நீக்கியது. எனினும் வழக்கை அரசுதான் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. சமரசம் முறிந்தால் தொழிலாளி நேரடியாகவே நீதிமன்றம் போகலாம் என்று தமிழ்நாடு 1988இல் திருத்தம் செய்தது. மத்தியச் சட்டம் அந்த வழிக்கு வர 2010 ஆயிற்று. அந்த மத்தியத் திருத்தம் வைத்த 3 ஆண்டுக் காலக்கெடுவை, 1947 சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்ட 2020 தொழில் உறவுகள் தொகுப்பு 2 ஆண்டாகக் குறைக்கிறது.

வேலை திரும்பக் கிடைக்கும் என்றான பிறகு, வெளியே கழிந்த ஆண்டுகளின் சம்பளம் யாருடைய இழப்பு என்ற கேள்வி எழுந்தது. 1979இல் இந்துஸ்தான் டின் ஒர்க்ஸ் வழக்கில் நீதிபதி டி.ஏ. தேசாய் எழுதிய தீர்ப்பு இதற்குத் தெளிவான விடை தந்தது. நீக்கம் செல்லாது என்றால் முழுப் பின் ஊதியமே இயல்பான விதி. குறைக்க வேண்டுமென்று கேட்பவர்தான் காரணம் காட்ட வேண்டும். அந்த வழக்கிலேயே நிறுவனத்தின் நிதிநிலையைப் பார்த்து 75 விழுக்காடாகக் குறைத்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் விதி தொழிலாளியின் பக்கம் நின்றது. மனுவில் அந்த வாக்கியம் இருந்தால் போதும் என்ற நிலை உருவானது.

பிறகு காற்று திசை மாறியது. உத்தரப் பிரதேச பித்தளைப் பொருள் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம், பின் ஊதியம் தானாக வந்து சேருவதல்ல என்றது. வேலையில்லாமல் இருந்ததை அறிந்தவர் தொழிலாளிதான், ஆகவே அதைச் சொல்லி மெய்ப்பிக்கும் கடமையும் அவருடையதே என்பது வாதம். கிடைத்தது 25 விழுக்காடு. இந்த வாதத்தில் ஒரு குறை எனக்குத் தெரிகிறது. வேலை பார்த்ததற்குச் சம்பளச் சீட்டு, வருங்கால வைப்பு நிதிக் கணக்கு என ஏதாவது தடயம் இருக்கும். வேலை இல்லாமல் இருந்ததற்கு எந்த அலுவலகம் சான்று தரும்?

2013இல், மகாராஷ்டிர ஆசிரியை ஒருவரின் வழக்கில் இந்தக் குறை சரிசெய்யப்பட்டது. பள்ளித் தீர்ப்பாயம் கொடுத்த பின் ஊதியத்தை உயர் நீதிமன்றம் நீக்கியது. உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. ஆதாயமான வேலையில் இல்லை, அல்லது குறைந்த சம்பளத்தில்தான் இருந்தேன் என்று தொழிலாளி சொன்னால் போதும். இல்லை, பழைய சம்பளத்துக்கு ஈடாகச் சம்பாதித்தார் என்றால் அதை நிர்வாகம் தன் எதிருரையில் சொல்லிச் சாட்சியத்தால் காட்ட வேண்டும். 'குறைந்த சம்பளத்தில்' என்ற அந்தச் சொற்களைத்தான் மனு எழுதுவோர் அதிகம் தவறவிடுகிறார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். மாதம் 18,000 ரூபாய் வாங்கிய எந்திர ஓட்டுநர் 48 மாதம் வெளியே இருந்தார் என்றால் முழுப் பின் ஊதியம் 8,64,000 ரூபாய். இடையில் லோடு ஏற்றிச் சராசரியாக மாதம் 7,000 சம்பாதித்திருக்கிறார். மனுவில் பழக்கப்படி 'எந்த வேலையிலும் இல்லை' என்று எழுதிவிட்டார். குறுக்கு விசாரணையில் 'வீட்டுச் செலவை எப்படிச் சமாளித்தீர்கள்?' என்று கேட்கிறார்கள். லோடு வேலை வெளியே வருகிறது. இப்போது அந்த 7,000 மட்டுமல்ல, அவர் சொன்ன மற்ற எல்லாமே சந்தேகத்துக்குள்ளாகிறது. 25 விழுக்காட்டுக்கு இறங்கினால் கையில் வருவது 2,16,000. வேலை நிரந்தரமல்ல, வருமானம் இவ்வளவுதான் என்று முதலிலேயே எழுதியிருந்தால், அதைக் கழித்த பிறகும் 5,28,000 ரூபாய்க்கு அவர் நேர்மையாக வாதாடியிருக்கலாம்.

தொழிலாளி வென்ற பிறகும் அந்த வாக்கியம் அவரை விடுவதில்லை. மீண்டும் பணி வழங்கும் தீர்ப்பை எதிர்த்து நிர்வாகம் உயர் நீதிமன்றம் போனால், வழக்கு முடியும்வரை கடைசியாக வாங்கிய சம்பளத்தைக் கொடுக்க வேண்டும் என்று சொல்லும், 1947 சட்டத்தின் 17பி பிரிவு 1984 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதைப் பெறத் தொழிலாளி ஓர் உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும்: இந்தக் காலத்தில் எந்த நிறுவனத்திலும் தாம் வேலையில் இல்லை என்று.