பராந்தகனின் முப்பத்தாறும் சோழபுரத்தின் இரண்டும்: ஆட்சியாண்டைப் பொது ஆண்டாக மாற்றுவதில் ஒரு சிக்கல்

சோழர் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை சக ஆண்டைச் சொல்வதில்லை. மன்னனின் ஆட்சியாண்டை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகின்றன. 'யாண்டு 36' என்றால் முப்பத்தாறு ஆண்டுகள் முடிந்துவிட்டன என்று பொருளில்லை. முப்பத்தைந்து முடிந்து முப்பத்தாறாவது நடக்கிறது என்பதே பொருள். ஆகவே முதல் ஆண்டு 907இல் தொடங்கியிருந்தால் முப்பத்தாறாவது ஆண்டு 942இல் தொடங்கும். 907உடன் 36ஐக் கூட்டி 943 என்று எழுதும் பிழை இன்றும் அச்சில் தென்படுகிறது. இதைத் திருத்துவது எளிது. முதல் ஆண்டு எந்த நாளில் தொடங்கியது, எண்ணப்படும் ஆண்டு யாருடையது என்ற இரண்டு கேள்விகளே கடினமானவை. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, இவ்விரு கேள்விகளையும் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து காட்டுகின்றன.

முதலாவது கல்வெட்டு, திருமுனைப்பாடி நாட்டில் கிராமம் என்றே பெயர் கொண்ட ஊரில் உள்ளது. பராந்தகனின் மகன் ராஜாதித்தனுடைய படைத்தலைவனும் மலைநாட்டுக்காரனுமான வெள்ளங்குமரன் அங்கே கற்றளி எடுப்பித்தான். அதைக் குறிக்கும் கல்வெட்டு பராந்தகனின் 36ஆம் ஆண்டோடு கலியாண்டு 4044ஐயும், கலியுகம் தொடங்கியதிலிருந்து எண்ணிய நாள் 14,77,037ஐயும், சனிக்கிழமையையும், ரேவதி நட்சத்திரத்தையும் சேர்த்தே தருகிறது. ஒரே நாளைச் சுட்ட இத்தனை குறிப்புகள் தரும் சோழர் கல்வெட்டுகள் மிகச் சில.

இக்கணக்கை யாரும் சரிபார்க்கலாம். கலியுகத்தின் முதல் நாள் பொ.மு. 3102 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை. 14,77,037ஐ ஏழால் வகுத்தால் மீதி 2. மீதி ஒன்று வந்தால் வெள்ளி, இரண்டு வந்தால் சனி. கல் சொல்லும் கிழமையும் அதுவே. நாட்களை எண்ணிச் சென்றால் 943 ஜனவரி 14 கிடைக்கிறது. நாளெண்ணில் ஓர் இலக்கம் தவறாகப் படிக்கப்பட்டிருந்தாலும் பெரும்பாலும் கிழமை பிறழ்ந்திருக்கும். எண்ணும் கிழமையும் இப்படி ஒத்துப்போவதால் வாசிப்பை ஐயப்பட அதிக இடமில்லை.

அந்த நாள் 36ஆம் ஆண்டுக்குள் விழுகிறது என்பதால், முதல் ஆண்டு 907 ஜனவரி 15க்கும் 908 ஜனவரி 14க்கும் இடையில் தொடங்கியிருக்க வேண்டும். கீல்ஹார்ன் வேறு கல்வெட்டுகளின் நாட்குறிப்புகளையும் பொருத்திப் பார்த்து, இந்த இடைவெளியை 907 ஜனவரி 15 முதல் ஜூலை 25 வரை என்று சுருக்கினார். அதற்கு மேல் சுருங்கவில்லை. பராந்தகன் முடிசூடிய நாள் இன்றும் ஆறு மாத அகலமுள்ள ஒரு வரம்புதான். அதை ஒற்றை நாளாக எழுதுவது கற்பனை.

இரண்டாவது கல்வெட்டு வேலூர் வட்டாரத்துச் சோழபுரத்தில் இருக்கிறது. அது யாண்டு இரண்டு என்று தொடங்கி, சக ஆண்டு 871 என்று சொல்லி, சக்கரவர்த்தி கண்ணரதேவன் ராஜாதித்தனை எறிந்து தொண்டைமண்டலம் புகுந்த ஆண்டு அது என்று விளக்குகிறது. கண்ணரதேவன் என்பவன் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன்; போர் தக்கோலப் போர். சக ஆண்டைக் கடந்த ஆண்டாகக் கொண்டால் 78ஐக் கூட்டி 949–950 கிடைக்கும். நடப்பாண்டாகக் கொண்டால் ஓர் ஆண்டு முந்தும். கன்னட நாட்டின் ஆதகூர்க் கல்வெட்டு இதைத் தீர்க்க உதவுகிறது. காட்டுப்பன்றியோடு பொருது மாண்ட காளி என்ற வேட்டைநாய்க்காக எழுந்த அந்தக் கல், தக்கோலப் போரைச் சக 872, சௌமிய ஆண்டில் வைக்கிறது. சௌமியம் 949–950இல் விழுகிறது. எனவே ஆதகூரின் 872 நடப்பாண்டு, சோழபுரத்தின் 871 கடந்த ஆண்டு. இரண்டும் ஒரே ஆண்டே.

அப்படியானால் 'யாண்டு இரண்டு' யாருடையது? கல்லில் மன்னன் பெயர் இல்லை. ஹுல்ச் தலைமுறையினரின் வாசிப்பு அதை ராஜாதித்தனுடைய இரண்டாம் ஆண்டாகக் கொண்டது. அதன் விளைவாகப் பராந்தகன் 947ஐ ஒட்டி இறந்தான், ராஜாதித்தன் தனியாக ஆண்டான், 949இல் வீழ்ந்தான் என்ற அட்டவணை பிறந்தது. பல பாடநூல்கள் இதை அப்படியே எடுத்துக்கொண்டன.

இந்த வாசிப்பின் முதற்பாதி ஏற்கத்தக்கது. கிருஷ்ணன் 939இல் ஆட்சிக்கு வந்தவன். 949இல் அவனுக்கு நடந்தது பத்து அல்லது பதினொன்றாம் ஆண்டு. ஆகவே இரண்டு என்ற எண் அவனுடைய வழக்கமான ஆட்சியாண்டாக முடியாது. எவருடையதாயினும், அந்த எண்ணிக்கை 947க்கும் 949க்கும் இடையில்தான் தொடங்கியிருக்க வேண்டும். ராஜாதித்தனுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

பிழை இரண்டாம் பாதியில் இருக்கிறது. மகனின் ஆண்டு எண்ணப்படுவதால் தந்தை இறந்தான் என்ற முடிவு தானாகப் பிறக்காது. சோழர் வழக்கில் தந்தை உயிரோடிருக்கும்போதே மகனுக்கு முடிசூட்டி, இருவரின் ஆண்டுகளையும் ஒரே காலத்தில் எண்ணியதுண்டு. ராஜேந்திரன் தன் ஆண்டுகளை 1012இலிருந்து எண்ணினான். ராஜராஜன் 1014 வரை இருந்தான். ராஜாதித்தனுக்கும் இதே முறை நிகழ்ந்திருக்கலாம். பராந்தகனின் 46ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டும் இதற்கு அரணாகிறது. 46ஆம் ஆண்டு 952இல் தொடங்குகிறது. 947இல் இறந்தவனுக்கு அந்த ஆண்டை எண்ணியிருக்க முடியாது.

இங்கே கிராமம் கல்வெட்டு மீண்டும் பேசுகிறது. 943இல் ராஜாதித்தனின் சொந்தப் படைத்தலைவனே பராந்தகனின் ஆண்டில்தான் நாள் குறிக்கிறான். அப்போது ராஜாதித்தனுக்குத் தனி ஆண்டு எண்ணப்பட்டிருந்தால் அதை முதலில் பயன்படுத்தியிருக்க வேண்டியவன் அவனே. ஆகவே இளவரசுப் பட்டம் 943க்குப் பின், 949க்கு முன் கட்டப்பட்டது என்பதே பொருத்தமான ஊகம். சான்று இங்கே மெலிது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த இரண்டாம் ஆண்டு பராந்தகனின் இன்னொரு மகன் கண்டராதித்தனுடையது என்று கொண்டாலும் எண் இடறாது. கல்லின் மௌனம் இரண்டுக்கும் இடம் தருகிறது. வீழ்ந்தவன் பெயரும் வென்றவன் பெயரும் கூறப்பட்ட கல்லில், ஆளும் மன்னன் பெயர் மட்டும் விடுபட்டது அந்த ஆண்டின் குழப்பத்தையே காட்டுகிறது.

தொடக்க நாள் ஆணையாகவே பதிவான இடத்தில் இந்த அல்லல் இல்லை. ஆனால் வேறொரு கண்ணி இருக்கிறது. ஐதராபாத் தார்நாகாவின் அரசு ஆவணக் காப்பகத்தில் ஔரங்கசீப் காலத்துத் தக்காண ஆவணங்கள் உள்ளன. அம்மன்னனின் ஆண்டுகள் ஹிஜ்ரி 1068 ரம்ஜான் முதல் நாளிலிருந்து, அதாவது 1658 ஜூன் தொடக்கத்திலிருந்து, சந்திர ஆண்டுகளாக எண்ணப்பட்டன. சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பதினொரு நாள் குறைவு. முப்பது ஆண்டில் அது ஏறத்தாழ ஓர் ஆண்டாகச் சேர்ந்துவிடும். கோல்கொண்டா வீழ்ந்தது ஹிஜ்ரி 1098 துல்கஅதா 24. அது 31ஆம் ஆண்டு. 1687ஆம் ஆண்டின் இலையுதிர்காலம். சூரிய ஆண்டாக எண்ணியவருக்கு 31ஆம் ஆண்டு 1688 ஜூனில்தான் தொடங்கும். கோட்டை ஓர் ஆண்டு தாமதமாக விழும்.

சோழர் அட்டவணையில் பராந்தகனுக்கு 947இல் கோடு இழுப்பதைக் கைவிட வேண்டும். அவன் தொடக்கத்தை 907 ஜனவரி–ஜூலை என்றும், சோழபுரத்து எண்ணிக்கையின் தொடக்கத்தை 947–949 என்றும் வரம்பாகவே எழுத வேண்டும். அந்த எண்ணிக்கைக்கு உரியவன் பெயருக்கு எதிரே கேள்விக்குறி இருக்கட்டும்.