ஓ.பி. பதிவு மேசையில் வரிசைக் கணக்கீடு

மருத்துவமனைப் புறநோயாளர் பதிவு மேசையில் எத்தனை பேரை எந்த நேரத்தில் பணியில் அமர்த்துவது என்பதை, காத்திருப்பு நேரத்தைக் கொண்டு தீர்மானிக்கும் முறை இது. இதன் அடிப்படைச் சூத்திரங்கள் டென்மார்க்கின் ஏ.கே. எர்லாங் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்துக்காக 1909 முதல் 1917 வரை வகுத்தவை.

1951இல் தொடங்கிய திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு நகரத்தார் மட்டுமல்ல, கன்னியாகுமரி மாவட்டத் தமிழர்களும் வருகிறார்கள். தொலைவிலிருந்து வருபவர்கள் ரயிலையும் பேருந்தையும் நம்பி வருவதால், கவுன்ட்டர் திறப்பதற்கு முன்பே சீட்டுக்குக் கூட்டம் சேர்ந்துவிடும். கணக்கு பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. மணிக்கு 90 பேர் வருகிறார்கள், ஒரு சீட்டுக்குச் சராசரி 2 நிமிடம் என்று கொள்வோம். ஒரு கவுன்ட்டரால் மணிக்கு 30 சீட்டு கொடுக்க முடியும். மூன்று கவுன்ட்டர்கள் என்றால் வரவும் வேகமும் சமமாகிவிடும். சிறு ஏற்ற இறக்கத்திலும் வரிசை வளர்ந்துகொண்டே போகும். நான்கு என்றால், எர்லாங் சூத்திரப்படி சராசரிக் காத்திருப்பு ஏறத்தாழ 1 நிமிடம். ஐந்தாவது ஆளைச் சேர்த்தால் அது 14 வினாடியாகும். ஆகவே நால்வர் போதும் என்று நிர்வாகம் முடிவெடுத்துவிடும்.

ஆனால் நோயாளிகள் நாள் முழுவதும் ஒரே சீராக, ஒருவரோடு ஒருவர் தொடர்பின்றி வருவதாக வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. காலை 8 மணிக்குத் திறக்கும்போது ஏற்கெனவே 60 பேர் நின்றிருந்தால், நால்வர் மணிக்கு 120 சீட்டு கொடுப்பார்கள். அதற்குள் புதிதாக 90 பேர் வந்துவிடுவார்கள். வரிசை மணிக்கு 30 பேர்தான் குறையும். கரைய 2 மணி நேரம் பிடிக்கும். ஐவர் இருந்தால் 1 மணி நேரம், அறுவர் இருந்தால் 40 நிமிடம். ஆகவே இருவரை 8 மணி முதல் 8.40 வரை மட்டும் கூடுதலாக அமர்த்தி, பிறகு வேறு வேலைக்கு அனுப்பிவிடலாம். நாள் முழுவதும் ஐந்தாவது ஆளை உட்கார வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அளவெடுப்பதில் ஒரு பொறி உண்டு. கணினியில் பதிவாவது சீட்டு அச்சான நேரம். நோயாளி வரிசையில் வந்து நின்ற நேரமல்ல. வரிசை நீண்டிருக்கும் வேளையில் மணிக்கு 120 சீட்டு என்று அறிக்கை காட்டினால், அது ஊழியர்களின் வேகமே தவிர, வந்தவர்களின் எண்ணிக்கையன்று. அந்த எண்ணை வருகையாகக் கொண்டால் நெரிசலே இல்லாததுபோலத் தோன்றும். வரிசையின் கடைசியில் ஒருவரை நிறுத்தி, வருபவர் கையில் நேரம் குறித்த துண்டுச் சீட்டைக் கொடுத்து, கவுன்ட்டரில் திரும்ப வாங்குவதே நம்பத்தக்க வழி. முதன்முறை வருபவர், ஏற்கெனவே பதிவு எண் உள்ளவர் ஆகிய இருவகையினரின் சேவை நேரத்தையும் தனித்தனியே குறிக்க வேண்டும். புதியவரின் பெயர், முகவரி தட்டச்சு செய்ய அதிக நேரமாகும்.

கவுன்ட்டரை அரை மணி முன்னதாகத் திறப்பதும் ஒரு தீர்வுதான். ஆனால் செய்தி பரவியதும் சிலர் இன்னும் முன்னதாகவே வரத் தொடங்குவார்கள். சில வாரங்கள் கழித்து மீண்டும் அளக்காமல் பலனைச் சொல்ல முடியாது. மருத்துவர் அறை திறக்கும் நேரம் மாறாவிட்டால், பதிவில் மிச்சமான நிமிடங்களை நோயாளி அந்த வாசலில் கழிக்க நேரிடும். எனவே இரண்டு வரிசைகளையும் ஒரே நாளில் அளப்பது நல்லது.