அர்பத்நாட் நொடிப்பும் ‘முதன்மை நலன்களின் மைய’மும்: 1908ஆம் ஆண்டுத் தீர்ப்பின் மறுவாசிப்பு

எல்லை கடந்த நொடிப்புச் சட்டத்தின் வரலாற்றைப் பேசுவோர் லார்டு ஹாஃப்மனின் ஒரு கூற்றைத் தவறாமல் நினைவுகூர்வர். 2008இல், எச்.ஐ.எச். வழக்கின் தீர்ப்பில், ஒரு கடனாளிக்கு ஒரே நொடிப்பு நடவடிக்கை, உலகெங்கும் உள்ள சொத்துக்கு ஒரே பங்கீடு என்னும் கொள்கை 18ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலச் சட்டத்தில் பொன்னிழையாக ஓடிவருகிறது என்றார் அவர். சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே நடந்த ஒரு வீழ்ச்சியை வைத்துப் பார்த்தால் அந்தக் கூற்று நிற்கவில்லை என்பது என் வாதம்.

ராயபுரத்துக்குச் சற்றுத் தெற்கே, இன்று ராஜாஜி சாலை எனப்படும் முதல் கடற்கரைச் சாலையில் இயங்கிய அர்பத்நாட் அண்ட் கோ 1906 அக்டோபர் 22 அன்று பணம் கொடுப்பதை நிறுத்தியது. அதன் லண்டன் முகம் பி. மக்ஃபாடியன் அண்ட் கோ. அதை நடத்திய பாட்ரிக் மக்ஃபாடியன் சில நாள் முன்புதான் ரயில் முன் விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார். லண்டனில் ஒரு நடவடிக்கையும் சென்னை நொடிப்பு நீதிமன்றத்தில் மற்றொன்றும் தொடங்கின. லண்டன் டிரஸ்டியும் சென்னை அஃபிஷியல் அசைனியும், இரு இடத்துச் சொத்தையும் ஒன்றாகச் சேர்த்து எல்லாக் கடனீந்தோருக்கும் விகிதப்படி பகிர்வதென ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். விசயநகரம் கம்பெனி அதை எதிர்த்தது. இது அனைவருக்கும் நன்மை தரும் நடைமுறை அறிவுள்ள ஏற்பாடு என்று சொல்லி நீதிபதி பிகம் 1908இல் ஒப்பந்தத்தை நிலைநிறுத்தினார்.

இந்தத் தீர்ப்பை ஹாஃப்மனின் பொன்னிழையில் கோப்பது எளிது. விளைவு ஒரே பங்கீடுதானே. ஆனால் அந்த விளைவுக்கு வந்த வழியைப் பார்க்க வேண்டும். எந்த நடவடிக்கை முதன்மையானது, எது துணையானது என்று பிகம் வரிசைப்படுத்தவில்லை. சென்னைச் சொத்தை லண்டனுக்கு அனுப்பும்படி யாருக்கும் ஆணையிடவுமில்லை. சம நிலையில் இருந்த இரண்டு அதிகாரிகள் தாங்களே பேசி முடித்ததை நீதிமன்றம் ஏற்றது. மேலும் சென்னை அன்று லண்டனுக்கு அந்நிய நாடன்று. பேரரசின் பிரிட்டிஷ் நொடிப்பு நீதிமன்றங்கள் ஒன்றுக்கொன்று உதவ வேண்டும் என்று 1883ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்தின் 118ஆம் பிரிவு ஏற்கெனவே கட்டளையிட்டிருந்தது. ஒரே முடியாட்சிக்குள் நடந்த ஒத்துழைப்பை உலகளாவிய கொள்கைக்குச் சான்றாக்குவது பொருந்தாது.

வழக்கின் தலைப்பே இதற்கு ஒரு சிறு சான்று. ஆங்கிலச் சட்ட அறிக்கைத் தொகுப்பு இதை மக்ஃபாடியன் வழக்கு என்கிறது. அர்பத்நாட் பெயர் தலைப்பில் இல்லை. சென்னையிலோ அந்த வீழ்ச்சி அர்பத்நாட் பெயராலேயே அறியப்பட்டது. தலைப்பு வைப்பது அறிக்கையாளரின் வழக்கம்தான், அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல இயலாது. ஆயினும் ஒவ்வொரு நகரமும் தன்னையே நடுவாகக் கொண்டிருந்தது என்ற என் வாசிப்புக்கு இது ஒத்துப்போகிறது.

இன்றைய சோதனையை 1906க்குப் பொருத்தினால் சிக்கல் இன்னும் துலங்கும். ஐ.நா. வர்த்தகச் சட்ட ஆணையத்தின் 1997 மாதிரிச் சட்டம், மறுப்புச் சான்று இல்லாதவரை, பதிவு அலுவலகம் இருக்கும் இடத்தையே கடனாளியின் முதன்மை நலன்களின் மையமாக ஊகிக்கிறது; தனிநபருக்கு அவர் வழக்கமாக வசிக்கும் இடம். கூட்டு நிறுவனமான அர்பத்நாட்டுக்குப் பதிவு அலுவலகம் என்ற ஊகம் உதவாது. பங்குதாரர்களைத் தனித்தனியே எடுத்தால் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சென்னைக்கும் மக்ஃபாடியன் லண்டனுக்கும் இழுப்பார்கள். பணத்தின் போக்கைப் பார்த்தால், சென்னையில் திரண்ட வைப்புத்தொகை லண்டனின் ஊக வணிகத்தில் கரைந்தது. கட்டுப்பாடு அங்கே இருந்தது எனலாம். ஆனால் மையம் என்பது வெளியார் கண்டறியக்கூடியதாக இருக்க வேண்டும் என ஐரோப்பிய நீதிமன்றம் 2006இல் யூரோஃபுட் வழக்கில் வலியுறுத்தியது. தன் ஓய்வூதியத்தைக் கடற்கரைச் சாலைக் கட்டடத்தில் போட்டவருக்குத் தெரிந்தது அந்தக் கட்டடமும் சர் ஜார்ஜும்தான். ஆகவே மையம் சென்னையே என்பேன். நிர்வாகம் எந்த ஆண்டில் லண்டனின் பிடிக்குப் போனது என்பதை உறுதியாகக் குறிக்க முடியாததால், இது வலுவான முடிவன்று, சாய்வு மட்டுமே.

அந்தச் சாய்வுக்குப் பொருள் உண்டு. லண்டனே மையம் என்று 1908இல் தீர்ந்திருந்தால், சென்னை நடவடிக்கை துணை நிலைக்கு இறங்கியிருக்கும். அங்கே சொத்தை விற்றுக் கிடைத்த தொகையை லண்டன் கேட்டுப் பெற வழி பிறந்திருக்கும். மையத்தைப் பற்றிப் பேசாததே சென்னைக் கடனீந்தோரைக் காத்தது.

நூறாண்டு கழித்தும் இந்தியா அதே வழியில்தான் சென்றது. 2019 மே மாதம் டச்சு நீதிமன்றம் ஜெட் ஏர்வேஸை நொடித்ததாக அறிவித்தது. மும்பைத் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் அதை ஏற்க மறுத்தது. மேல்முறையீட்டில், டச்சு டிரஸ்டியும் இந்தியத் தீர்வு நிபுணரும் செய்துகொண்ட உடன்பாடு அதே செப்டம்பரில் ஏற்கப்பட்டது. மையம் இந்தியாவே என்பதையும் அந்த உடன்பாட்டின்வழி டச்சுத் தரப்பு ஒப்புக்கொண்டது. 2016ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டத்தின் 234, 235 பிரிவுகள் அயல்நாட்டு அரசுகளோடு செய்யும் ஒப்பந்தங்களை நம்பியவை என்பதால் இங்கே கைகொடுக்கவில்லை.

அதிகாரிகள் உடன்படும்வரை இந்த வழி நன்று. உடன்படாவிட்டால், எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ உள்ள ஒரு சிறு சப்ளையர், தனக்குப் பாக்கி வைத்த அயல்நாட்டு நிறுவனம் நொடித்துவிட்டால், எந்த நீதிமன்றத்தில் கோரிக்கை வைப்பது என்று அறிய வழியில்லை. 2018இல் நொடிப்புச் சட்டக் குழு மாதிரிச் சட்டத்தைத் தழுவப் பரிந்துரைத்தது. அதைச் சட்டமாக்கும்போது மையத்துக்கான சோதனையில் ‘கடனீந்தோர் கண்ணுக்குத் தெரிவது’ என்னும் அளவுகோலை வெளிப்படையாக எழுத வேண்டும்.