அரை பைசாவைத் தொலைத்த ரெண்டணா

ஆவடி ரயில் நிலையத்துக்கு வெளியே பழைய நாணயங்களைத் துணியில் பரப்பி வைத்திருந்தவரிடம் ஒரு ரெண்டணாவைப் பார்த்தேன். மூலை மழுங்கிய சதுரம், ஒரு பக்கம் காளை, மறு பக்கம் அசோகச் சிங்கங்கள். குடியரசு வந்த 1950-இல் பிறந்த வரிசையைச் சேர்ந்தது. முழு ரூபாயில் எட்டில் ஒரு பங்கு. கையில் வைத்துப் பார்த்தால் இத்தனை தேய்ந்தும் காளையின் திமில் மட்டும் விரலில் தட்டுப்பட்டது.

ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடிய 1955-ஆம் ஆண்டிலேயே, சில மாதங்கள் கழித்து, நாணயச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதுவரை ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு நாலு காலணா, காலணாவுக்கு மூன்று தம்பிடி. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா. ரூபாய் மாறவில்லை, அதன் வயிற்றுக்குள் இருந்த சில்லறைதான் மாறியது. மாற்று விகிதத்தையும் சட்டமே நிர்ணயித்துவிட்டது: 16 அணா, 64 காலணா, 192 தம்பிடி, எல்லாம் 100 நயா பைசா. இதில் பேரம் கிடையாது.

சிக்கல், நூறைப் பதினாறால் வகுத்தால் வருவது. ஓரணா 6.25. ரெண்டணா 12.5. காலணா 1.5625. ஆனால் அச்சில் வந்த மிகச் சிறிய காசு ஒரு நயா பைசா. மீந்து நிற்கும் துண்டை என்ன செய்வது? சட்டம் சொன்ன வழி: பின்னம் அரையோ அதற்குக் குறைவோ என்றால் விட்டுவிடு, அரைக்கு மேல் என்றால் முழுசாக்கு. அதனால் ஓரணா 6, மூன்றணா 18.75 என்பதால் 19. நம்ம ரெண்டணா சரியாக அரையில் நின்று மாட்டிக்கொண்டது. விதிப்படி அது 12. ஆறணா 37, பத்தணா 62, பதினாலணா 87 என்று, அரையில் நிற்கிற எல்லாவற்றுக்கும் அதே கதி. பள்ளிக்கூடத்தில் நாம் படித்த முழுமையாக்கல் அரையை மேலே தள்ளும். இந்தச் சட்டம் கீழே தள்ளியது.

இங்கேதான் கணக்கு தெரிந்தவர்கள் புகுந்து விளையாட இடம் இருந்தது. காலணாவைத் தனியாக மாற்றினால் 1.5625 என்பது 2 ஆகிவிடும். நாலு காலணாவைத் தனித்தனியாக மாற்றினால் 8 நயா பைசா, ஒன்றாகச் சேர்த்து ஓரணா என்று மாற்றினால் 6. அறுபத்துநாலையும் ஒவ்வொன்றாக மாற்ற முடிந்தால் ஒரு ரூபாய் 128 நயா பைசா ஆகும்! ரெண்டணாவுக்கு இது நேர் எதிர்: எட்டைத் தனித்தனியாக மாற்றினால் 96, சேர்த்து மாற்றினால் 100. ஆகவே பழைய காசிலேயே மொத்தத்தைக் கூட்டிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு தடவை மாற்ற வேண்டும். பில் போடுகிற கணக்குப்பிள்ளை இதை மறந்து வரிக்கு வரி மாற்றினால் கூட்டுத்தொகை ஓரிரு பைசா இடிக்கும். அப்படி இடித்தால், பிழை பெரும்பாலும் அங்கேதான்.

சட்டத்தின் கை இன்னொரு இடத்தில் எட்டவில்லை. ஏற்கெனவே நிற்கிற கடனுக்கும் காசின் மதிப்புக்கும்தான் விதி. நாளை காலை கடைக்காரர் ரெண்டணா பண்டத்துக்குப் புதிதாக 13 என்று விலை வைத்தால் அது மாற்றுக் கணக்கு அல்ல, விலையேற்றம். காலணா வெற்றிலைக்கு 2 நயா பைசா என்று அட்டவணைப்படியே வாங்கினாலும் விலை நூற்றுக்கு 28 ஏறிவிடுகிறது. ஒரு சதுரக் காசுக்குப் பதில் எத்தனை காசு என்று விரல்விட்டு எண்ணியவர்களுக்கு, ஏமாற்றுகிறார்கள் என்ற சந்தேகம் வந்ததில் குற்றமில்லை.

பின்னால் ஐரோப்பாவில் பல நாடுகள் சேர்ந்து யூரோவுக்கு மாறியபோதும் இதே தலைவலிதான். பாரிஸின் லா ஷப்பேல் பகுதியில் மளிகைக் கடை வைத்திருந்த தமிழர்களும் ஒரு யூரோவுக்கு 6.55957 பிராங்க் என்று போட வேண்டியிருந்தது. 6.56 என்று சுருக்கக் கூடாது, தலைகீழாக்கிச் சுருக்கிய எண்ணால் பெருக்கவும் கூடாது. பத்து பிராங்க்கை அந்த எண்ணால் வகுத்தால் 1.524..., அதை 1.52 ஆக்கலாம். அங்கே சரியாக அரை வந்தால் மேலே. நம் ரெண்டணா ஐரோப்பாவில் பிறந்திருந்தால் 13 ஆகியிருக்கும்.

மீதி வரலாறு சுருக்கம். பழைய காசும் புதிய காசும் சில காலம் சேர்ந்தே புழங்கின. 1964 ஜூன் 1-இல் ‘நயா’ உதிர்ந்து வெறும் பைசா ஆனது. நாலணா மிச்சமில்லாமல் 25 ஆக வகுபட்டதால், பெயர் மாறாமலே 2011 ஜூன் 30 வரை தாக்குப்பிடித்தது. ரெண்டணாவுக்கு ஈடாகப் பன்னிரண்டு பைசா என்றோ பன்னிரண்டரை என்றோ ஒரு காசு பிறக்கவே இல்லை.

துணிக்காரர் அந்த ரெண்டணாவுக்கு ஐம்பது ரூபாய் சொன்னார். நாற்பதுக்குப் படிந்தது.